யோகா வகுப்பின் புதிய காலை பேட்ச்: நேரம், கட்டணம், டிரையல் மூன்றையும் சொல்லும் கேப்ஷன் எழுதுவது எப்படி?

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் யோகா வகுப்புக்கு இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பதிவுகளை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அங்கே பெண்களுக்காகக் காலை 10 மணி பேட்ச் தொடங்கியபோது முதலில் போன கேப்ஷன் இது:

"புதிய காலை பேட்ச் ஆரம்பம்! ஆரோக்கியமான வாழ்வுக்கு யோகா. இலவச டிரையல் வகுப்பு உண்டு. குறைந்த கட்டணம். இடங்கள் குறைவு. விவரங்களுக்கு அழைக்கவும்."

அழைத்தார்கள். அழைத்தவர்களில் பாதிப்பேர் ஆபீஸ் போகிறவர்கள். காலை என்றால் ஆறு மணி என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். மீதிப்பேர் "எவ்வளவுங்க ஃபீஸ்?" என்று கேட்டுவிட்டு "வீட்டில் சொல்லிட்டுப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்கள். வகுப்பெடுக்கும் நேரத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்ததுதான் மிச்சம்.

அதே பேட்சுக்கு மறுபடி எழுதிய கேப்ஷனை வைத்தே இந்த வழிகாட்டியைச் சொல்கிறேன். படிப்பவர் கேள்வி கேட்காமல் டிரையலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இந்தக் கேப்ஷன் செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான்.

1. எழுத உட்காரும் முன் பழைய மெசேஜ்களைப் படியுங்கள்

வகுப்பின் வாட்ஸ்அப்பைத் திறந்து, புதிதாக விசாரித்தவர்கள் கடைசியாக அனுப்பிய இருபது முப்பது மெசேஜ்களைப் படியுங்கள். என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே கேள்வி திரும்பி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

எங்கள் தாளில் அதிகக் கோடு விழுந்தவை இவை: எத்தனை மணிக்கு, எவ்வளவு, லேடீஸ் மட்டுமா, எனக்கு ஒன்றுமே தெரியாது வரலாமா, மேட் வாங்கணுமா, எங்கே இருக்கிறது. "என்ன வகை யோகா?" என்று கேட்டவர் ஒரே ஒருவர். நாங்கள் முன்பு எழுதிய கேப்ஷன்களிலோ ஹட யோகா, பிராணாயாமம், தியானம் என்ற பட்டியல்தான் முதல் வரியிலேயே நின்றது.

இந்தத் தாளில் உள்ள வரிசைதான் கேப்ஷனின் வரிசை. நமக்கு எது முக்கியம் என்று யோசித்து எழுத ஆரம்பித்தால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

2. ஆசிரியரிடம் ஆறு விஷயத்தை முடிவாக வாங்குங்கள்

புதிதாக எழுத வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முடிவாகாத விஷயத்தை வார்த்தையால் மூடப் பார்ப்பார்கள். "குறைந்த கட்டணம்" என்று ஒரு கேப்ஷனில் இருந்தால், கட்டணம் இன்னும் முடிவாகவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பேட்ச் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், எந்தெந்தக் கிழமை, முதல் வகுப்பின் தேதி, மாதக் கட்டணமும் அதற்கு மேல் வேறு ஏதாவது கட்டணமும், டிரையல் நடக்கும் நாள், மொத்தம் எத்தனை மேட் போடலாம். இந்த ஆறும் எண்ணாகக் கையில் வரும்வரை எழுத வேண்டாம்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு மேட் ஏறக்குறைய ஆறடி நீளம், இரண்டடி அகலம். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் பக்கத்தவர்மேல் படாத அளவுக்கு இடைவெளி வேண்டும். ஆசிரியர் நடுவில் நடந்து போய்த் திருத்தவும் இடம் வேண்டும். "இருபது பேர் தாராளமா வரலாம்" என்று சொன்ன எங்கள் ஆசிரியரிடம், ஹாலில் மேட்டை விரித்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டுதான் விழுந்தது. "இடங்கள் குறைவு" என்று எழுதியிருந்த இடத்தில் "12 பேருக்கு மட்டும் இடம்" என்று எழுத முடிந்தது அதனால்தான். முதலாவது எல்லாக் கடையிலும் தொங்கும் வாசகம். இரண்டாவதை நேரில் வந்து எண்ணிக்கொள்ளலாம்.

3. நேரத்தை எழுதுங்கள்: யாருக்கான நேரம் என்பதோடு

"காலை பேட்ச்" என்பது நேரம் ஆகாது. "காலை 10.00 முதல் 11.00 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை" என்பதுதான் நேரம். முடியும் நேரம் கட்டாயம் வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சமையலை முடிக்க வேண்டியவர், எத்தனை மணிக்கு வெளியே வரலாம் என்று தெரியாமல் முடிவெடுக்க மாட்டார்.

இரண்டு பேட்ச் இருந்தால் இரண்டு வரியாக எழுதுங்கள். "காலை 5.30 முதல் 7.30 வரை" என்று சேர்த்து எழுதியதைப் பார்த்து, ஒரே வகுப்பு இரண்டு மணி நேரம் என்று பயந்தவர்கள் உண்டு.

இந்த 10 மணி பேட்சுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. விடிகாலை வகுப்புக்கு எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்துவிடுவார்கள். பத்து மணிக்கு வருபவர் பிள்ளைக்கு டப்பா கட்டி, வேனில் ஏற்றிவிட்டு, ஒன்பதே காலுக்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வருவார். குனிந்ததும் நெஞ்சைக் கரிக்கும். "யோகா எனக்கு ஒத்துக்கலை" என்று மறுநாள் நின்றுவிடுவார். வயிறார உண்டால் மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஆசனம் செய்ய வேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே "லேசான டிபனைக் காலை 7.30-க்குள் முடித்துவிடுங்கள், வகுப்பு முடிந்து மீதியைச் சாப்பிடலாம்" என்று ஒரு வரி சேர்த்தோம். இது அறிவுரை மாதிரி தெரிந்தாலும் நேரத்தைச் சேர்ந்த விஷயம், அதனால் நேரத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் போடுங்கள். "ஜூன் 8" என்றால் காலண்டரைத் தேட வேண்டும். "ஜூன் 8, திங்கள்" என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளி உள்ள நாள் என்று உடனே புரியும். தேதியில் தவறு செய்திருந்தால் கிழமையோடு ஒத்துப் பார்க்கும்போது நமக்கே பிடிபடும்.

(ஆடியில் புது பேட்ச் அறிவிக்க வேண்டாம் என்பது எங்கள் ஆசிரியரின் கட்சி. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் "ஆடி போகட்டும்" என்று சொல்பவர்களிடம் நம்மால் வாதாட முடியாது. அதனால் ஜூனில் முடித்துக்கொண்டோம். அதிலும் ஜூன் 21 உலக யோகா தினம் பக்கத்தில் வேண்டாம். அன்று எல்லோருடைய போனிலும் யாராவது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பார்கள்.)

4. கட்டணத்தை மறைக்காதீர்கள்

"கட்டண விவரத்துக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதச் சொல்பவர்கள் சொல்லும் காரணம், பேசினால் சேர்த்துவிடலாம் என்பது. நான் பார்த்தவரை நடப்பது வேறு. கட்டணம் தெரியாதவர் அது தன் கைக்கு எட்டாது என்று நினைத்துக் கேட்காமலே போய்விடுவார். கேட்பவர்களில் பாதி, தொகையைக் கேட்டதும் பதிலே போடமாட்டார்கள். கேப்ஷனிலேயே எண் இருந்தால் அந்த இரண்டாவது கூட்டம் போன் செய்யாது. அதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

எண்ணை எழுதும்போது மூன்று விஷயம் அதோடு சேர்ந்து வர வேண்டும். முதலில், எந்தக் காலத்துக்கு, எத்தனை வகுப்புக்கு என்பது. "மாதம் ₹1,500" என்பதைவிட "மாதம் ₹1,500 (20 வகுப்புகள்)" தெளிவு. படிப்பவர் மனக்கணக்காக ஒரு வகுப்பு 75 ரூபாய் என்று போட்டுவிடுவார். அதை நாமே எழுதினால் மலிவு விற்பனை போலாகிவிடும்.

அடுத்து, மாதம் என்பது எதிலிருந்து எதுவரை என்பது. 12-ஆம் தேதி சேர்பவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டுமா என்ற சந்தேகத்திலேயே "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து வரேன்" என்று தள்ளிப்போடுவார். அந்த ஒன்றாம் தேதி வருவதே இல்லை. "சேரும் நாளிலிருந்து 30 நாள் கணக்கு" என்ற வரி இதற்காகத்தான்.

மூன்றாவது, வேறு கட்டணம் உண்டா என்பது. சேர்க்கைக் கட்டணம் இருந்தால் தொகையோடு எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள இடமாக இருந்தால் வரியும் சேர்ந்த முழுத்தொகையை எழுதுங்கள். கேப்ஷனில் ஒரு தொகை, ரசீதில் ஒரு தொகை என்றால் முதல் நாளே மனக்கசப்பு.

மூன்று மாதச் சலுகை, தம்பதிச் சலுகை, நண்பரை அழைத்து வந்தால் சலுகை எல்லாவற்றையும் இங்கே கொட்ட வேண்டாம். இதுவரை வந்தே பார்க்காதவருக்கு மூன்று மாதத்தைப் பற்றி என்ன கவலை? அதை டிரையல் முடிந்து நேரில் சொல்லலாம்.

5. டிரையல் வகுப்பு: நாள், இடம், பணம்

கேப்ஷனின் மையம் இதுதான். படிப்பவரிடம் நாம் கேட்பது மாதக் கட்டணமல்ல, ஒரு மணி நேரம் மட்டுமே. ஆனால் "டிரையல் வகுப்பு உண்டு" என்று மட்டும் எழுதினால் அது என்றைக்கு வேண்டுமானாலும் இருக்கும் ஒன்று. அப்படி இருக்கும் எதையும் நாம் நாளைக்குத் தள்ளுவோம். "ஜூன் 3 புதன், ஜூன் 4 வியாழன், காலை 10.00–11.00" என்றால் வர முடியுமா முடியாதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

டிரையலை அந்த பேட்சின் நேரத்திலேயே வையுங்கள். ஞாயிறு மாலையில் டிரையல் வைத்துவிட்டு வார நாள் காலை வகுப்புக்கு ஆள் எதிர்பார்ப்பது பொருந்தாது. அந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிறதா என்பதும் சோதனையின் ஒரு பகுதிதான். இதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மே கடைசியில் டிரையல் வைத்தேன். பள்ளி விடுமுறை என்பது மண்டையில் ஏறவே இல்லை. இரண்டு அம்மாக்கள் வந்தார்கள், கூடவே மூன்று பிள்ளைகள். சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

இலவசமா, கட்டணமா என்பதில் என் கருத்து: சின்னத் தொகை வாங்குங்கள், சேர்ந்தால் முதல் மாதத்தில் கழித்துக்கொள்ளுங்கள். இலவசம் என்று போட்டபோது ஒன்பது பேர் பெயர் கொடுத்து நான்கு பேர் வந்தார்கள். வராத ஐந்து பேருக்கான இடத்தை வீணாகப் பிடித்துவைத்திருந்தோம். ₹100 வைத்த பிறகு பெயர் கொடுப்பவர்கள் குறைந்தார்கள், வருபவர்கள் குறையவில்லை. எழுதும்போது "டிரையல் ₹100, சேர்ந்தால் முதல் மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிரித்தால் ₹100 மட்டும் கண்ணில் நிற்கும்.

அப்புறம், என்ன கொண்டு வர வேண்டும். "மேட் இங்கே இருக்கிறது. தளர்வான சுடிதார் அல்லது டிராக் பேன்ட் போதும்." சேலையில் வந்து தயங்கி நின்றவர்களைப் பார்த்த பிறகுதான் இந்த வரி சேர்ந்தது.

6. நோயைக் குணப்படுத்துவதாக எழுத வேண்டாம்

இந்த இடத்தில் ஆசிரியரோடு சண்டை வரும். "தைராய்டு குணமாகும்", "15 நாளில் 5 கிலோ குறையும்" என்று எதிர்வீட்டு வகுப்பு எழுதும்போது நாம் ஏன் எழுதக் கூடாது என்பார்.

நிரூபிக்க முடியாத உறுதிமொழியைச் சேவை விளம்பரத்தில் கொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகலாம். அதைவிட நேரடியான நஷ்டம் ஒன்று உண்டு. 15 நாளுக்கு வந்தவர் 16-ஆம் நாள் எடை பார்ப்பார். 17-ஆம் நாள் வரமாட்டார்.

அந்த இடத்தில் எங்களுக்கு உதவிய வரி வேறு: "பி.பி., முதுகு டிஸ்க் பிரச்சினை, அறுவை சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருவோம்." குணமாக்குவதாக இதில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் முதுகுவலிக்காரர் இதைப் படித்ததும் தன்னை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். ஆசிரியருக்கும் எந்த ஆசனத்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே தெரியும். "மாற்றித் தருவோம்" என்று எழுதும் முன் அவரால் அது முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7. முதல் வரியைக் கடைசியாக எழுதுங்கள்

இன்ஸ்டாகிராம் ஃபீடில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதி அமுக்கினால்தான் விரியும். அந்தத் துண்டுக்குள் யாருக்கு, எத்தனை மணிக்கு, எங்கே என்ற மூன்றும் விழுந்துவிட வேண்டும். மீதி வரிகள் எழுதி முடிந்த பிறகு எது தவிர்க்க முடியாதது என்று தெளிவாகிவிடும். அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

தமிழில் எழுதும்போது ஒரு கணக்கு. "திங்கள்" என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி அதை ஏழாக எண்ணும், துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால். எழுத்து வரம்பு உள்ள இடங்களில் நம் இடம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எங்கள் முதல் முயற்சி "பெண்களுக்கான சிறப்பு யோகா வகுப்பு" என்று தொடங்கியது. யாரையும் நிறுத்தவில்லை. மாற்றியது: "பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரலாம்." காலை பத்து மணிக்கு ஓய்வாக இருப்பவர் யார் என்பதை இந்த வரி சொல்லிவிடுகிறது. ஆறு மணி என்று நினைத்துக் கூப்பிடுவதும் நின்றது.

8. முழுக் கேப்ஷன்

எல்லாம் சேர்ந்தபோது இப்படி வந்தது:

> பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரலாம். காலை 10–11 யோகா, தில்லைநகர்.
>
> பெண்களுக்கு மட்டும். இதுவரை யோகா செய்யாதவர்களுக்கான பேட்ச்.
>
> தொடக்கம்: ஜூன் 8, திங்கள்
> நேரம்: காலை 10.00 முதல் 11.00 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை
> லேசான டிபனைக் காலை 7.30-க்குள் முடித்துவிடுங்கள். வகுப்பு முடிந்து மீதியைச் சாப்பிடலாம்.
>
> கட்டணம்: மாதம் ₹1,500 (20 வகுப்புகள்). சேரும் நாளிலிருந்து 30 நாள் கணக்கு. சேர்க்கைக் கட்டணம் இல்லை.
>
> டிரையல் வகுப்பு: ஜூன் 3 புதன் அல்லது ஜூன் 4 வியாழன், காலை 10.00–11.00. டிரையல் ₹100, சேர்ந்தால் முதல் மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும்.
> மேட் இங்கே இருக்கிறது. தளர்வான சுடிதார் அல்லது டிராக் பேன்ட் போதும். பத்து நிமிடம் முன்னால் வாருங்கள்.
>
> பி.பி., முதுகு டிஸ்க் பிரச்சினை, அறுவை சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருவோம்.
>
> 12 பேருக்கு மட்டும் இடம். டிரையலுக்கு வர, உங்கள் பெயரையும் புதனா வியாழனா என்பதையும் மெசேஜ் செய்யுங்கள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அழைக்கலாம், கமெண்ட் போடலாம், நேரிலும் வரலாம் என்று மூன்று வழி காட்டவில்லை. செய்யவேண்டியது ஒன்றுதான், அதுவும் இரண்டே வார்த்தையில் பதில் போடக்கூடியது. "சுமதி, புதன்" என்று வந்தால் வேலை முடிந்தது.

9. இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று

இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்குள் போடும் லிங்க்கை அமுக்கினால் திறக்காது. அதனால் லிங்க்கைப் புரொஃபைலில் வைத்துவிட்டு, கேப்ஷனில் "மெசேஜ் செய்யுங்கள்" என்று நிறுத்துங்கள். பதிவில் ஊரின் பெயரை லொக்கேஷனாகச் சேர்க்க மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் லிங்க் திறக்கும், அங்கே கடைசியில் இதைச் சேர்க்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Trial
```

91-க்குப் பின் பத்து இலக்க எண். கூட்டல் குறியோ, முன்னால் பூஜ்யமோ, இடைவெளியோ வரக் கூடாது. அமுக்கியதும் அந்தச் சொல் தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். அந்தச் சொல்லைத் தமிழில் வைத்தால் சில இடங்களில் லிங்க் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு அசிங்கமாகிவிடுகிறது. அதனால் இங்கே மட்டும் ஆங்கிலச் சொல்.

வாட்ஸ்அப்பில் தலைப்புச் சொற்களின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் தடித்துத் தெரியும்: `*நேரம்:*`. இதை அப்படியே இன்ஸ்டாகிராமில் ஒட்டினால் நட்சத்திரம் மட்டும் அநாதையாக நிற்கும். இரண்டையும் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள்.

10. போடும் முன்னும் போட்ட பின்னும்

யோகாவே தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு "எத்தனை மணிக்கு? எவ்வளவு? டிரையல் என்றைக்கு?" என்று கேளுங்கள். எதற்குத் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்.

படத்தில் கட்டணத்தையும் தேதியையும் அச்சிட வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. படத்தில் ஹாலும் விரித்த மேட்டும் இருக்கட்டும். எழுத்து வேண்டுமென்றால் "காலை 10–11" மட்டும்.

பதிவு போட்ட மறுநாள் வந்த மெசேஜ்களைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அதன் பதிலை அன்றைக்கே கேப்ஷனில் சேர்த்துவிடுங்கள். எங்களுக்கு வந்தது "வண்டி நிறுத்த இடம் இருக்கா?" என்பது. "வண்டியைக் கீழே நிறுத்தலாம், வகுப்பு முதல் மாடி" என்று சேர்த்தோம்.

12 பேர் நிறைந்ததும் முதல் வரிக்கு மேலே "இந்த பேட்ச் நிறைந்துவிட்டது, காத்திருப்புப் பட்டியலுக்குப் பெயர் அனுப்பலாம்" என்று எழுதுங்கள். பதிவை நீக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒருவர் நின்றபோது, அந்தப் பட்டியலில் இருந்த முதல் பெயருக்குத்தான் போன் செய்தோம்.